நைட் ஷிஃப்ட்டில் 12 மணிக்கு நாள் மாறாது!

திருச்சியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறார் அந்தப் பெண். இரவு 8 மணிக்கு உள்ளே போனால் காலை 8 மணிக்குத்தான் வெளியே வருவார். எடையைக் குறைக்க டயட்டீஷியன் அவருக்குச் சொன்ன அளவு, ஒரு நாளைக்கு 1,600 கலோரி. மொபைல் ஆப்பில் ஒழுங்காகக் குறித்தும் வந்தார். ஆனால், வாரத்தில் பாதி நாள் கணக்கு இடித்தது.

காரணம், ஆப்பின் கடிகாரம். நள்ளிரவு 12 அடித்ததும் 'மீதம் 1,600' என்று அது காட்டும். பசிக்கிற நேரத்தில் கையில் முழுப் பணம் இருப்பதுபோல! ஒரு மணிக்கு பரோட்டா, காலையில் வீடு வந்ததும் பொங்கல் என்று சாப்பிட்டுப் படுத்தால், மாலை 4 மணிக்கு எழும்போது பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். எழுந்ததும் பட்டினி கிடக்க யாரால் முடியும்?

டயட்டீஷியன் மாற்றியது ஒன்றைத்தான். "நீங்க எழுந்திருக்கிற நேரம்தான் உங்களுக்குக் காலை. அங்கிருந்து எண்ணுங்க" என்றார்.

அதன்படி மாலை 4 மணிக்கு 'காலை உணவு', 350 கலோரி. மூன்று இட்லி, சாம்பார், ஒரு டீ. 7 மணிக்கு 'மதிய உணவு', 600. ஒன்றரை கப் சாதம், குழம்பு, ஒரு ஸ்பூன் எண்ணெயில் பொரியல், முட்டை, மோர். நாளின் பெரிய சாப்பாடு இதுதான். நள்ளிரவுக்குப் பிறகு சர்க்கரையைக் கையாளும் திறன் உடலுக்குக் குறைந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே முடிக்க வேண்டும். ஒரு மணிக்கு ஸ்நாக்ஸ், 300. ஒரு கப் சுண்டல், இரண்டு டீ. காலை 8.30-க்கு 'இரவு உணவு', 350. இரண்டு சப்பாத்தி, பருப்பு. நள்ளிரவுக்குப் பின் சாப்பிட்டதையும் ஆப்பில் முந்தைய தேதியிலேயே குறித்துக்கொள்கிறார்.

டீ விஷயத்தில்தான் சண்டையே வந்ததாம். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ, சுமார் 80 கலோரி. இரவில் ஐந்து குடித்தால் 400. ஸ்நாக்ஸுக்கான மொத்தத்தையும் தாண்டிவிடும். இப்போது ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு இரண்டு டீ. கடைசி டீ 3 மணிக்குள். இல்லையென்றால் காலையில் தூக்கம் வராது.

பங்கீடு சரியா என்பதைப் பசியே காட்டிக்கொடுக்கும். முதல் வாரம் 3 மணிக்குப் பசி தாங்கவில்லை. ஆப்பைப் பார்த்தால், அவசரத்தில் 7 மணி சாப்பாட்டை 400-ல் முடித்திருந்தார். நண்பகலில் பசித்துத் தூக்கம் கலைந்தபோது, மாலை இட்லியில் ஒன்றைக் குறைத்து, காலையில் கொஞ்சம் பருப்பு சேர்த்தார். மொத்தம் மாறவில்லை.

வார விடுமுறையில்தான் இந்தக் கணக்கு குழம்புகிறது. அன்று இரவில் தூங்குவதால், பாதியில் பங்கீடு மாறுகிறது. அந்த ஒரு நாளுக்கு அவர் ஆப்பைத் திறப்பதே இல்லை. பசித்தால் மட்டும் சாப்பிடுகிறார். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை இப்படி நகர்த்தக் கூடாது.