ஒற்றைத் தாள்



சென்ற மாதம் ஒரு தோழி தொலைபேசியில் கேட்டாள்: "அலுவலகத்தில் ஸ்கேன் படத்தைக் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?" அவளுக்கு ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்திருந்தது. வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதை விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரப் பேச்சையே இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இதை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் புனேயில் ஒரு தனியார் ஆய்வு மையத்தில் முழுநேர ஆய்வு உதவியாளராகப் பணியாற்றிக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். பதினோராவது வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, வழக்கமான ஸ்கேனுக்குச் சென்றேன். கரு எட்டாவது வார அளவிலேயே நின்றுவிட்டது, இதயத் துடிப்பு இல்லை என்றார்கள். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் உள்ளேயே நின்றுபோன கரு அது. வெள்ளிக்கிழமை மாத்திரை கொடுத்தார்கள். சனிக்கிழமை இரவு வீட்டில் இரத்தப்போக்கு தொடங்கியது. திங்கட்கிழமை மீண்டும் ஸ்கேன் எடுத்தபோது கருப்பையில் எச்சம் இருந்தது. செவ்வாய்க்கிழமை அதை உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரிலிருந்து அம்மா வந்து சேர்ந்தது புதன்கிழமை.

மகப்பேறு நலன்கள் சட்டம், 1961, ஒன்பதாம் பிரிவின்படி, கருச்சிதைவு ஏற்பட்டாலோ மருத்துவ முறையில் கரு கலைக்கப்பட்டாலோ, விதிகள் குறிப்பிடும் சான்றைக் காட்டும் பெண்ணுக்கு, அந்த நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020, அதையே தன் 65ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு இது வேறு கணக்கு: 1972ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளில் 43ஆம் விதியின்படி பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 45 நாள், மருத்துவச் சான்றின் பேரில்.

மருத்துவர் தந்த சான்றிதழை அனுப்பினேன். இரண்டு நாளில் மனிதவளப் பிரிவிலிருந்து பதில் வந்தது. மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கம், இரண்டு ஸ்கேன் அறிக்கைகள், மருந்துச் சீட்டு, கணவரின் கடிதம் ஆகியவற்றை அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். கூடவே ஒரு கேள்வி: "மாத்திரை உட்கொண்டதாகத் தெரிகிறதே, மேடம், இது கருச்சிதைவா, கருக்கலைப்பா? கருக்கலைப்பு என்றால் அதற்கான ஒப்புதல் படிவத்தின் நகலையும் இணைக்கவும்."

அன்று எனக்கு வாதாடும் வலு இல்லை. கணவரின் கடிதத்தையும் (அவர் அதை எழுதும்போது முகம் சிவந்திருந்தது) மற்ற எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். நான் செய்த பிழை அது. ஆனால் அதைச் செய்யாத பெண்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

இப்போது அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கருச்சிதைவா, கருக்கலைப்பா? மருத்துவரின் தாளில் நின்றுபோன கருவுக்கும், தானே கலைந்த கருவுக்கும், கலைக்கப்பட்ட கருவுக்கும் 'அபார்ஷன்' என்ற ஒரே சொல்தான் வரும். அலுவலகத்தில் இருப்பவர் அச்சொல்லைக் கண்டதும் அதன் தெருவழக்குப் பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஆனால் சட்டம் இரண்டுக்கும் ஒரே பிரிவில், ஒரே அளவில், ஒரே ஊதியத்தில் விடுப்புத் தருகிறது. இரண்டில் எது நடந்தது என்ற விடையைக் கொண்டு அலுவலகத்தின் முடிவு ஒரு நாள்கூட மாறப்போவதில்லை. முடிவை மாற்றாத ஒரு செய்தியைக் கேட்க எந்தத் தேவையும் இல்லை. சட்டத்தின் வரையறை, தண்டனைக்குரிய முறையில் செய்யப்பட்ட கலைப்பை மட்டும் விலக்குகிறது என்பது உண்மை. அந்த ஐயத்துக்கும் பதிவு பெற்ற மருத்துவரின் கையொப்பமே விடை. அலுவலகம் புலனாய்வு அமைப்பு அன்று.

கணவரின் கடிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டமே வயது வந்த பெண்ணின் ஒப்புதலைத் தவிர வேறு எவருடைய ஒப்புதலையும் கேட்பதில்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் திருமணமாகாத பெண்களைப் பற்றிய வழக்கில், குடும்பத்தாரின் ஒப்புதல் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கலாகாது என்று கூறியது. மருத்துவர் கேட்கக் கூடாததை ஊதியப் பட்டியல் போடுபவர் கேட்க முடியாது.

அப்படியானால் எது நியாயமான சான்று? இதற்கான விடை நாம் தேடாத ஓரிடத்தில் இருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் 2003இல் இயற்றப்பட்ட ஒழுங்குமுறைகளில், மருத்துவமனை வைத்திருக்கும் அனுமதிப் பதிவேட்டை எவரும் திறந்து பார்க்கலாகாது என்று ஒரு விதி உண்டு. அவ்விதியின் அடியில் இரண்டு காப்புரைகள். வேலைக்குச் செல்லும் பெண் கேட்டுக்கொண்டால், அவள் தன் முதலாளியிடம் விடுப்புப் பெறுவதற்காக மருத்துவர் ஒரு சான்றிதழ் வழங்கலாம் என்பது முதலாவது. அந்த முதலாளி அச்செய்தியை வேறு எவருக்கும் வெளியிடக் கூடாது என்பது இரண்டாவது. முதன்முதலாக இதைப் படித்த அன்று நூலகத்தில் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாம் விவாதித்துக்கொண்டிருக்கும் காட்சியை விதி எழுதியவர்கள் முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பதிவேடு பூட்டில் இருக்கும், ஒற்றைத் தாள் மட்டும் வெளியே வரும், அதைப் பெற்றுக்கொள்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 5ஏ பிரிவு இன்னும் கடுமையானது: சட்டம் அதிகாரம் அளித்த ஒருவரைத் தவிர வேறு எவரிடமேனும் அப்பெண்ணின் பெயரையும் விவரங்களையும் மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

எனக்கு நேர்ந்தது தானே நின்றுபோன கரு. ஆகவே அந்த ஒழுங்குமுறை என் அலுவலகத்தை நேராகக் கட்டுப்படுத்தாது என்று ஒருவர் வாதிடலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலைத்துக்கொண்டவளுக்கு ஒரு தாள் போதும், இழந்தவள் ஐந்து தாள் தர வேண்டும் என்று எவரும் பேச மாட்டார்கள் அல்லவா?

அந்த ஒற்றைத் தாளில் இருக்க வேண்டியவை சிலவே. பெண்ணின் பெயர், கருச்சிதைவு அல்லது மருத்துவக் கருக்கலைப்பு இன்ன தேதியில் நிகழ்ந்தது என்ற ஒரு வரி, மருத்துவரின் பெயர், மருத்துவக் குழுமப் பதிவு எண், கையொப்பம், தேதி. காரணமோ, எத்தனையாவது கரு என்பதோ, மாத்திரையின் பெயரோ தேவையில்லை. கரு என்ற சொல்லே வேண்டாம், வெறும் உடல்நலக் குறைவு என்று எழுதித் தரச் சொல்லலாமா என்று தோழி கேட்டாள். சொல்லலாம், ஆனால் அது வெறும் நோய் விடுப்பாகவே கணக்கிடப்படும், ஆறு வாரம் கிடைக்காது. மறைப்பதற்கு அந்த விலை உண்டு. தரலாமா என்பதை அவளேதான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேதிதான் சிக்கலான இடம். என் அலுவலகம் வியாழக்கிழமை ஸ்கேனிலிருந்து எண்ணியது. அவர்கள் கணக்கில் விடுப்பு வெள்ளிக்கிழமை தொடங்கியது. மருத்துவர் செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருந்தார், ஏனெனில் கருப்பை வெறுமையானது அன்றுதான். இதயத் துடிப்பு இல்லை என்று அறிந்த நாள் செய்தி கிடைத்த நாள் மட்டுமே. சட்டத்தின் வரையறையோ கருப்பையில் உள்ளவை வெளியேறுவதைப் பற்றிப் பேசுகிறது. புதன்கிழமையிலிருந்து ஆறு வாரம் எண்ண வேண்டும். இடையிலிருந்த ஐந்து நாட்கள் கருவுற்றதால் வந்த உடல்நலக் குறைவு. அதற்கு அதே சட்டத்தின் பத்தாம் பிரிவு தனியாக ஒரு மாதம் வரை இடம் தந்தது, தனிச் சான்றின் பேரில். ஆகவே சான்றிதழ் வாங்கும்போதே எந்தத் தேதி என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

இரவில் வீட்டிலேயே எல்லாம் முடிந்துவிட்ட பெண்ணுக்குத்தான் இது உண்மையாகவே கடினம். மருத்துவமனையில் சேரவில்லை என்றால் விடுவிப்புச் சுருக்கம் எங்கிருந்து வரும்? அவள் அடுத்த நாளே மருத்துவரிடம் செல்வது நல்லது. இரத்தத்தில் கருவுற்றதைக் காட்டும் ஹார்மோனின் அளவை இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை பார்த்தால் அது இறங்குவது தெரியும். முந்தைய ஸ்கேன் கையில் இருந்தால் இன்னும் எளிது. அவற்றைப் பார்த்துவிட்டு மருத்துவர் சான்றளிப்பார். ஒரு மாதம் கழித்துச் சென்றால் அவர் சான்றளிக்கப் பெரும்பாலும் ஒன்றும் எஞ்சியிருக்காது. ஐயப்படும் அலுவலகத்துக்கும் இதுவே பொருந்தும். மத்திய அரசு விதிகளில் இரண்டாவது மருத்துவக் கருத்துக் கேட்கும் அதிகாரம் உண்டுதான், ஆனால் ஐந்து வாரம் கழித்துக் கேட்டால் அந்தச் சோதனை எதையும் நிறுவாது. உண்மையான ஐயம் இருந்தால் பதிவு எண்ணை மருத்துவக் குழுமப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். பெண்ணுக்குத் தெரிவித்துவிட்டு, "இந்தச் சான்றிதழ் தாங்கள் வழங்கியதா?" என்று மட்டும் மருத்துவருக்கு எழுதலாம். இதற்கு மேல் ஒரு வரியும் கேட்கலாகாது.

மூன்றாவது வாரம் திட்ட மேலாளர் அழைத்தார். வீட்டிலிருந்தபடி தரவுத் தாள்களை மட்டும் பார்த்துக் கொடுக்க முடியுமா என்று மிகவும் பரிவாகத்தான் கேட்டார். அந்த ஆறு வாரத்தில் தெரிந்தே வேலை வாங்குவதை நான்காம் பிரிவு தடுத்தது என்று இருவரும் அன்று அறிந்திருக்கவில்லை. பார்த்துக் கொடுத்தேன்.

(உதவித்தொகை பெறும் முனைவர் பட்ட மாணவியர் எனக்கு எழுதுவதுண்டு. உங்கள் நிலை இன்னும் மெலிந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை தரலாம் என்கிறது, கருச்சிதைவைத் தனியே சொல்லவில்லை. துறையிடம் எழுத்தில் கேளுங்கள், நிராகரித்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.)

பணிக்குத் திரும்பிய முதல் நாள், கணக்குப் பிரிவில் இருந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்து வருத்தம் தெரிவித்தார். நல்ல மனிதர். "படத்தைப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, மேடம்" என்றார். எந்தப் படம் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. என் மின்னஞ்சலை மனிதவளப் பிரிவு இணைப்புகளோடு அப்படியே கணக்குப் பிரிவுக்கும், திட்ட மேலாளருக்கும், இயக்குநரின் செயலாளருக்கும் அனுப்பியிருந்தது. நானே ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்த படம் அது.

பிறகு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். கோப்பில் மருத்துவரின் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பித் தர வேண்டும், அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களை நீக்கியதாக எழுத்தில் உறுதி தர வேண்டும், விடுப்பைப் புதன்கிழமையிலிருந்து கணக்கிட வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். பதினொரு நாள் கழித்து ஐந்து நாள் ஊதியம் சேர்ந்து வந்தது. ஒரு பழுப்பு உறையில் ஸ்கேன் நகல்களும் கணவரின் கடிதமும் வந்தன. மின்னஞ்சல்களைப் பற்றி மனிதவளப் பிரிவு நீக்கிவிட்டதாக எழுதியது. மற்ற மூவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

தோழிக்கு அந்தக் கடிதத்தின் நகலை அனுப்பியிருக்கிறேன். வேண்டுவோர் உட்பெட்டியில் கேளுங்கள், பெயர்களை நீக்கிவிட்டுத் தருகிறேன்.