இரண்டைத் தாண்டாத கூட்டல்

கல்லூரியில் கணிதம் படித்த நாட்களில் ஒரு நிரூபணம் என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. நோட்டில் அரைப் பக்கம் வரும், அவ்வளவுதான். ஒவ்வொரு வரியும் புரிந்தது, எந்த வரியிலும் குறை சொல்ல இடமில்லை. இருந்தும் கடைசி வரிக்கு வந்ததும் மனம் ஒப்ப மறுத்தது. அந்த உறுத்தல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில்தான் மெய்யெண்கள் என்றால் என்ன என்பதே எனக்கு விளங்கியது.

எண் வர்க்கங்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போவதுதான் கணக்கு.

1 + 1/4 + 1/9 + 1/16 + …

முதல் n உறுப்புகளின் கூடுதலை s(n) என்று வைத்துக்கொள்வோம். s(1) = 1, s(2) = 1.25, s(3) ஏறத்தாழ 1.361. பத்து உறுப்பு வரை போனால் 1.5498, நூறு வரை 1.6350, ஆயிரம் வரை 1.6439. ஒவ்வொரு தடவையும் ஒரு நேர்ம எண்ணைத்தான் சேர்க்கிறோம். ஆகவே s(n) ஏறுகிற தொடர்வரிசை என்பதற்குத் தனியாக நிரூபணம் வேண்டியதில்லை.

‘சேர்க்கும் துண்டு சிறுத்துக்கொண்டே போகிறதே, பிறகு கூடுதல் எங்காவது நின்றுதானே ஆக வேண்டும்’ என்று பலருக்கும் தோன்றும். அந்த நியாயம் செல்லாது. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடரிலும் துண்டுகள் சிறுக்கின்றன. ஆயிரம் உறுப்பைக் கூட்டினால் 7.485, பத்து லட்சத்தைக் கூட்டினால் 14.39. அதுவும் அடங்கிவிடும் போலத்தான் தெரிகிறது. ஆனால் 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் அரையை மிஞ்சும். அடுத்த நான்கு உறுப்புகளும் அரையை மிஞ்சும், அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்துகொண்டே இருப்பதால் அதற்கு வரம்பே கிடையாது. பதினான்காம் நூற்றாண்டிலேயே ஒரேம் இதைக் காட்டிவிட்டார். ஆகவே எண்களைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. n எவ்வளவு பெரிதானாலும் மாறாத ஒரு மேல்வரம்பைக் காட்டியாக வேண்டும். ‘ஒவ்வொரு உறுப்பும் 1-ஐ மிஞ்சாது, ஆகவே s(n) ≤ n’ என்று சில மாணவர்கள் எழுதுவார்கள். அது உண்மைதான், ஆனால் பயனில்லை. n கூடக் கூட அந்த வரம்பும் கூடவே ஏறிப் போய்விடுகிறது.

s(n) < 2 என்பதைத் தொகுத்தறிதல் முறையில் நேராக நிரூபிக்க முயன்றால் வழி அடைபடும். s(n) < 2 என்று கொண்டு அடுத்த உறுப்பைச் சேர்த்தால் s(n+1) < 2 + 1/(n+1)² என்றுதான் வருகிறது. 2-க்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் அந்தத் துண்டை வைக்க இடமில்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. சொல்வதை இன்னும் கடுமையாக்கினால் நிரூபணம் எளிதாகிவிடும்: s(n) ≤ 2 − 1/n. இப்போது 2-க்குக் கீழே 1/n அளவுக்கு இடம் கையிருப்பில் இருக்கிறது. அடுத்த படியில் அது 1/(n+1) ஆகச் சுருங்க வேண்டும். அதாவது நாம் செலவழிக்கக்கூடியது 1/n − 1/(n+1) = 1/(n(n+1)). நமக்குத் தேவைப்படுவதோ 1/(n+1)² மட்டும். அது அதைவிடச் சிறியது. ஆகவே ஒவ்வொரு படியும் கையிருப்புக்குள் அடங்கிவிடுகிறது. இதையே தொகுத்தறிதல் இல்லாமலும் எழுதலாம்:

1/k² < 1/((k−1)k) = 1/(k−1) − 1/k

k = 2 முதல் n வரை கூட்டினால் நடுவில் உள்ளவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, 1 − 1/n மிஞ்சும். முதல் உறுப்பான 1-ஐயும் சேர்த்தால் 2 − 1/n.

ஏறுகிறது, 2-ஐத் தாண்டாது, ஆகவே ஒருங்குகிறது. என்னை உறுத்தியது அந்த ‘ஆகவே’தான். என் பேராசிரியரிடம் போய்க் கேட்டேன்.

“சார், எந்த எண்ணுக்கு ஒருங்குதுன்னு சொல்லாமலே ஒருங்குதுன்னு எப்படி சார் சொல்றது?”

“2-ஆ அது?”

“இல்லை சார், 2-கிட்டகூடப் போகலை.”

“அப்ப மேல்வரம்பு எல்லாத்தையும் எடுத்துக்கோ. 2 ஒண்ணு, 1.9 இன்னொண்ணு, 1.7-உம் மேல்வரம்புதான். அதுலயே ரொம்பச் சின்னது எதுப்பா?”

அந்த மிகச் சிறிய மேல்வரம்பை L என்போம். நீங்கள் எவ்வளவு நுண்ணிய இடைவெளி கேட்டாலும், அதை ε என்று வைத்தால், L − ε மேல்வரம்பாக இருக்க முடியாது. L-தானே மிகச் சிறியது! ஆகவே ஏதோ ஒரு s(N) அதைத் தாண்டியே தீரும். தாண்டிய பிறகு தொடர்வரிசை கீழே இறங்காது, L-ஐயும் மிஞ்சாது. அதன் பின் வரும் எல்லா உறுப்புகளும் L − ε-க்கும் L-க்கும் நடுவில் சிக்கிக்கொள்கின்றன. ஒருங்குதல் என்றால் இதுவேதான். ‘கீழே இறங்காது’ என்பதைச் சொல்லும் இடத்தில்தான் ஏறுமுகம் வேலை செய்கிறது. அந்த வரியை விட்டால், எல்லைக்குள் மேலும் கீழும் அலைகிற 1, 0, 1, 0 போன்ற வரிசையும் ஒருங்குவதாகிவிடும்.

அப்படியொரு மிகச் சிறிய மேல்வரம்பு இருக்கிறது என்பதற்கு என்ன உறுதி? என் உறுத்தலின் வேர் அங்கேதான் இருந்தது. டெடகிண்டுக்கும் இதே இடம் உறுத்தியிருக்கிறது என்று பின்னாளில் படித்தபோது எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. 1858-இல் சூரிச்சில் வகைநுண்கணிதம் நடத்தியபோது, ஏறிக்கொண்டே போய் வரம்பை மீறாத ஓர் அளவு ஓர் எல்லையை நெருங்கியே தீரும் என்பதை வடிவியல் படத்தைக் காட்டித்தான் அவரால் விளக்க முடிந்தது. அது அவருக்குப் போதவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டு, மெய்யெண்களையே வெட்டுகளாக வரையறுத்து, 1872-இல் நூலாக வெளியிட்டார்.

நம் கூட்டலை வைத்தே அதன் தேவையைப் பார்க்கலாம். s(n) ஒவ்வொன்றும் பின்னங்களின் கூடுதல், எனவே விகிதமுறு எண். விகிதமுறு எண்கள் மட்டுமே உள்ள உலகில் நின்று பார்த்தாலும் அது ஏறுகிறது, 2-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் அந்த உலகில் அது போய்ச் சேர ஓர் எண் இல்லை. ஏனென்றால் L = π²/6, அது விகிதமுறா எண். π² விகிதமுறா எண் என்பதை லெஜாந்தர் 1794-இல் நிரூபித்தார். அதே ஏறுமுகமும் அதே வரம்பும் அங்கே இருந்தும் முடிவு மட்டும் பொய்த்துப்போகிறது. மெய்யெண் கோட்டில் ஓட்டை இல்லை என்ற பண்புதான் அந்த ‘ஆகவே’யைத் தாங்கி நிற்கிறது.

L-இன் மதிப்பு π²/6 என்பது இந்த நிரூபணத்திலிருந்து வராது. மெங்கோலி 1650-இல் எழுப்பிய அந்தக் கேள்விக்கு ஆய்லர் 1735-இல்தான் விடை சொன்னார். ஆனாலும் நம் சமனின்மையிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்கலாம். பத்தாவது உறுப்புக்குப் பிறகு வரும் அத்தனையும் சேர்ந்தாலும் 1/10-ஐத் தாண்டாது. அதேபோல 1/k² > 1/k − 1/(k+1) என்பதால் 1/11-க்குக் கீழும் போகாது. அப்படியென்றால் L 1.6406-க்கும் 1.6498-க்கும் நடுவில் இருக்கிறது. பேனாவும் தாளும் போதும்.

இப்போது இந்தப் பாடத்தை நடத்தும்போது, வர்க்கத்துக்குப் பதில் கனத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். 1/k³ எப்போதும் 1/k²-ஐ மிஞ்சாது என்பதால் அந்தக் கூடுதலும் 2-ஐத் தாண்டாது, ஒருங்குகிறது. ஒரே வரியில் முடிந்துவிடும். மதிப்பு 1.2020569… என்று போகும். அது விகிதமுறா எண் என்பதை அப்பேரி 1978-இல் காட்டினார். π²/6-ஐப் போல அதை π³-இன் ஒரு விகிதமுறு மடங்காக எழுத முடியுமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.