எடையும் வடிவமும் தூரமும்

துப்பாக்கியின் குழலை விட்டு வெளியேறிய குண்டின் மீது அதன் பிறகு இரண்டு விசைகளே குறிப்பிடத்தக்கவையாகச் செயல்படுகின்றன: ஒன்று புவியீர்ப்பு, மற்றொன்று காற்றுத்தடை. புவியீர்ப்பு கனத்த குண்டையும் இலேசான குண்டையும் ஒரே முடுக்கத்துடன் கீழே இழுக்கிறது. காற்றுத்தடையோ குண்டின் விட்டம், வடிவம், வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது, அதில் எடைக்குப் பங்கில்லை. ஒரே விட்டமும் ஒரே வடிவமும் கொண்ட இரு குண்டுகள் ஒரே வேகத்தில் பறந்தால் இரண்டையும் காற்று ஒரே விசையால்தான் தடுக்கும். ஆனால் அதே விசை அதிக நிறையுள்ள பொருளில் குறைந்த வேகமாற்றத்தையே உண்டாக்கும் என்பதால், கனத்த குண்டு தன் வேகத்தை மெதுவாக இழக்கிறது.

குண்டின் எடை, காற்றுத்தடை ஆகிய இரு காரணிகளையும் ஒரே எண்ணில் அடக்குவதே எறியியல் கெழு எனப்படும் அளவு. குண்டின் எடையை அதன் விட்டத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது குறுக்குவெட்டு அடர்த்தி. அதை, காற்றைக் கிழிப்பதில் அக்குண்டு எவ்வளவு மோசமானது என்று காட்டும் வடிவ எண்ணால் வகுத்தால் எறியியல் கெழு வரும். ஒரு பவுண்டு எடையும் ஓர் அங்குல விட்டமும் உள்ள ஒரு மாதிரிக் குண்டுக்கு இக்கெழு 1 என வைத்துக்கொள்ளப்பட்டது. ஒரு குண்டின் கெழு 0.4 என்றால், மாதிரிக் குண்டு 1000 மீட்டரில் இழக்கும் வேகத்தை அது 400 மீட்டரிலேயே இழந்துவிடும் என்று பொருள்.

அமெரிக்கப் படையின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி இதற்கு நல்ல சான்று, ஏனெனில் ஏறத்தாழ ஒரே விட்டத்தில் மூன்று வெவ்வேறு குண்டுகளை அது வரிசையாகச் சுமந்தது. முதலில் வந்தது 220 கிரெய்ன், அதாவது சுமார் 14 கிராம் எடையுள்ள மழுங்கிய முனைக் குண்டு. மூன்றிலும் அதுவே கனமானது என்றாலும், உருண்ட முனையின் காரணமாக அதன் கெழு சுமார் 0.3 அளவிலேயே நின்றது. எடை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1906-இல் அதன் இடத்தைப் பிடித்தது 150 கிரெய்ன் எடையுள்ள கூர்முனைக் குண்டு. அதன் கெழு சுமார் 0.40, தொடக்க வேகம் நொடிக்கு 823 மீட்டர். முதல் உலகப்போருக்குப் பிறகு, 1920களில், 174 கிரெய்ன் எடையுடன் பின்புறம் படகைப் போல ஒடுங்கிய எம்1 என்ற குண்டு வந்தது. அதன் கெழு சுமார் 0.49; தொடக்க வேகம் நொடிக்கு 805 மீட்டர்தான்.

பின்னிரண்டையும் கணக்கிட்டு ஒப்பிடும்போது பலரும் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் வெளிப்படுகிறது. இலேசான குண்டு வேகமாகத் தொடங்கினாலும், சுமார் 130 மீட்டரில் இரண்டின் வேகமும் சமமாகிவிடுகிறது. ஆனால் அதுவரை இலேசான குண்டு சேர்த்துவைத்த நேர ஆதாயம் உடனே கரைவதில்லை. சுமார் 260 மீட்டரில்தான் இரண்டும் இலக்கை அடையும் நேரம் சமமாகிறது. அத்துடனும் கணக்கு முடியவில்லை, ஏனெனில் கடைசி நொடித்துளிகளில் ஏற்படும் வீழ்ச்சியோடு அதற்கு முன் ஏற்பட்ட வீழ்ச்சியும் சேர்ந்தே கணக்கில் வருவதால், தாழும் அளவு சமமாக ஏறக்குறைய 350 மீட்டர் ஆகிறது. குறுகிய தூரத்தில் சுடுபவர் கனத்த குண்டினால் பயனில்லை என்று முடிவு செய்தால், அத்தூரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியே.

அதன் பிறகு இடைவெளி விரைவாக வளர்கிறது. சுமார் 730 மீட்டரில் இலேசான குண்டின் வேகம் நொடிக்கு 365 மீட்டராகக் குறைந்து ஒலியின் வேகத்தை நெருங்கிவிட, கனத்தது இன்னும் 420 மீட்டர் வேகத்தில் செல்கிறது. குழலின் நேர்கோட்டிலிருந்து முன்னது ஏறத்தாழ 6.8 மீட்டரும் பின்னது 6.3 மீட்டரும் தாழ்கின்றன. அரை மீட்டர் வேறுபாடு துப்பாக்கியின் குறிகாட்டியைத் திருத்திச் சரிசெய்யக்கூடியதுதான். பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மெதுவாகப் பறக்கும் குண்டின் பாதை செங்குத்தாகச் சரிவதால், தூரத்தை மதிப்பிடுவதில் நேரும் சிறு பிழையும் இலக்கில் பெரிய பிழையாகிறது. ஒலிவேகத்தைக் கடக்கும் எல்லையில் பல குண்டுகள் ஆட்டம் காண்பதும் உண்டு.

வழிமுறையின் வரம்பும் இதே இடத்தில்தான் உள்ளது. கெழு என்பது மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் எண். உண்மைக் குண்டின் வடிவம் மாதிரியிலிருந்து விலகினால் அந்த எண் எல்லா வேகத்திலும் நிலைத்திருக்காது. தட்டையான பின்புறம் கொண்ட பழைய மாதிரியை ஒடுங்கிய பின்புறக் குண்டுக்குப் பொருத்தினால், தொலைவு கூடக் கூடக் கணித்த வீழ்ச்சிக்கும் இலக்கில் கண்ட வீழ்ச்சிக்கும் இடையே பொருத்தம் குலையும். மேலே சொன்ன எண்களும் அதனால் தோராயமானவையே. மேலும் எடை கூடிய குண்டு நீளமும் கூடியது. அதை நிலைப்படுத்தக் குழலின் உட்புறத் திருகுவரிகள் போதிய அளவு நெருக்கமாக இருக்க வேண்டும்.

1906 குண்டு 4700 கெஜம் வரை செல்லும் என்று நம்பிய அமெரிக்கப் படை, போருக்குப் பின் சோதித்தபோது அது 3400 கெஜத்தையே எட்டுவதைக் கண்டது. தொலைவிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகளால் மழையாய்ப் பொழிய வேண்டிய களத்தில் அது பெருங்குறையாகப் பட, எம்1 குண்டு சுமார் 5500 கெஜம் வரை பாய்ந்து அதைத் தீர்த்தது. ஆனால் பயிற்சிக்கான சுடுதளங்கள் பலவற்றின் பாதுகாப்பு எல்லையை அந்தத் தூரம் மீறியதால், 1930களின் இறுதியில் படை மீண்டும் 150 கிரெய்ன் அளவிலான தட்டைப் பின்புறக் குண்டுக்கே திரும்பியது.