வலது முழங்காலும் ஓர் ஆசனமும்

வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏறும்போது கடைசி ஆசனத்தில் இருக்க எவர்தாம் விரும்புவர்? ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலை கூரையில் இடிக்கும். பஸ்ஸில் இத்துணை கவனமாயிருக்கும் நாம், இலண்டனிலுள்ள மகளைப் பார்க்க முதன்முறை குடும்பமாய் விமானம் ஏறியபோது ஏமாந்தே போனோம்.

எம் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. வலது முழங்கால் மடங்காது. அவசர வாயிலோரம் கால் நீட்ட இடமுண்டென்று கேள்விப்பட்டு, மேலதிகப் பணம் கட்டி அவ்வாசனத்தை வாங்கினோம். கட்டுநாயக்காவில் அம்மாவின் கைத்தடியைக் கண்ட உத்தியோகத்தர் பணிவுடன் மறுத்துவிட்டார். அவர்மீது குற்றமில்லை. ஆபத்து வேளையில் கதவைத் திறந்து பிறருக்கு உதவக் கூடியவரே அங்கே அமரலாம். முதியோர், சிறுவர், கர்ப்பிணிகளுக்கு அனுமதியில்லை. இதனை முன்னரே விசாரியாதது எமது பிழை.

அதற்குள் நல்ல இடங்கள் போய்விட்டன. அம்மாவுக்கு நடு வரிசையில், இருவருக்கு இடையே ஓர் ஆசனம் கிடைத்தது. உறங்குவோரை எழுப்பக் கூசி, மலசலகூடம் போக நேருமேயென்று தண்ணீரும் குடியாமல் பதினொரு மணி நேரம் அசையாதிருந்தார். இறங்கியபோது பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. நெடுநேரம் அசையாதிருந்தால் காலில் இரத்தம் உறையவும் கூடுமென்று மருமகன் சொன்னபோதுதான் எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது.

அடுத்த முறை ஆசனப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தோம். நாம் ஏறிய ஏ330 விமானத்தில் வரிசைக்கு இரண்டு, நான்கு, இரண்டாக எட்டு ஆசனங்கள். இடது யன்னலோரம் ஏ, அதற்கடுத்தது சீ. சீயில் இருப்பவருக்கு நடைபாதை வலக்கைப் பக்கம் வரும். ஆகவே வலது காலை நீட்டலாம். இடது கால் நோகிறவருக்கு அது உதவாது. அவர் நடைபாதை இடப்புறம் வரும் டீ அல்லது எச் ஆசனத்தைக் கேட்கவேண்டும். நடைபாதையோரம் என்று மட்டும் சொன்னால் போதாதென்பதை அன்றுதான் அறிந்தோம்.

எம் மனைவிக்கோ தலைசுற்று. விமானத்தின் பாரம் சமநிலை கொள்ளும் இடம் சிறகுகளுக்கு அண்மையில் இருப்பதால், அது மூக்கை ஏற்றி இறக்கும்போது அங்கே ஆட்டம் குறைவு, வாற்பகுதியில் அதிகம். பஸ் கதைதான்! காற்றுக் குழப்பம் அங்கேயும் முற்றாய் நீங்காது. கீழே பார்த்தால் சிறகு மறைக்கும். அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. எனவே சிறகுக்கு நேரே ஏ அவருக்கும் சீ அம்மாவுக்கும் ஆயின. மலையும் கடலும் பார்க்கத் துடித்த மாணவன் மகனுக்குச் சிறகுக்கு முன்னே யன்னலோரம் எடுத்தோம். பின்னே எடுத்திருந்தால் இயந்திரத்தின் வெப்பக் காற்றினூடே காட்சி நெளிந்து தெரியலாம்.

நமக்கு மிஞ்சியது அம்மாவுக்கு எதிரே, நடைபாதைக்கு அப்பால் இருந்த டீ. அம்மா அடிக்கடி எழுந்து நடந்தார். கேட்டுக் கேட்டுத் தண்ணீர் குடித்தார். நீட்டிய காலோடு அவர் கண்ணயர்ந்தபோது, சாப்பாட்டு வண்டில் வருகிறதென்று எட்டி இரண்டு முறை தட்டி எழுப்பியதுதான் எமது வேலை.