மூன்று வெப்பநிலைகளும் ஒரு சொக்லட் துண்டும்

சொக்லட் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க அதை வாயில் போடத் தேவையில்லை. உடைத்துப் பார்த்தால் போதும். "டக்" என்ற சத்தத்தோடு நேராக உடைந்து, மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கினால் அது சரியான சொக்லட். சத்தமில்லாமல் வளைந்து, பிட்டு மாதிரி உதிர்ந்து, மேலே சாம்பல் பூத்திருந்தால் எங்கேயோ பிழைத்திருக்கிறது. இரண்டும் ஒரே கொக்கோ, ஒரே சீனிதான். உருக்கி ஆற்றிய விதம் மட்டுமே வேறு.

கொக்கோ மாத்தளை, கண்டிப் பக்கம் விளையும். எங்கட றொசல்லைக் குளிருக்கு அது சரிவராது, இங்கே தேயிலைதான். என்றாலும் இந்தக் கதை எனக்குத் தெரிய வந்தது இங்கேதான். என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளை ஒருத்தி, லயத்து வீட்டுக் குசினியில் சொக்லட் செய்து விற்கிறாள். அச்சுகள் வாங்கியது கடன் காசில். கொழும்பில் ஒரு கலியாண வீட்டுக்கு 150 பெட்டி அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் நாள் அவர்கள் படம் அனுப்பினார்கள். எல்லாத் துண்டிலும் சாம்பல் நிறத் திட்டு. மிச்ச 150 பெட்டி வேண்டுமா என்று ஒரு கிழமையில் சொல்வதாக எழுதியிருந்தார்கள்.

"டீச்சர், பூஞ்சணம் பிடிச்சிட்டு எண்டு சொல்றாங்க. நான் ராவு செஞ்சது, காலையில பார்க்கும்போது நல்லாத்தானே இருந்திச்சு" என்றாள்.

அது பூஞ்சணம் இல்லை. விரலால் தேய்த்தால் அந்தச் சாம்பல் உருகி மறையும். அப்படி மறைந்தால் அது உள்ளேயிருந்து மேலே வந்த கொக்கோக் கொழுப்பு. மறையாமல் சொரசொரவென்று இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் கரைந்தால் அது சீனி. பிரிட்ஜிலிருந்து எடுத்த சொக்லட்டின் மேல் ஈரம் படிந்து காய்ந்தால் சீனி அப்படி வெளியே வரும். கொழும்பில் தேய்த்துப் பார்க்கச் சொன்னோம். மறைந்தது. ஆகவே பிரச்சினை கொழுப்பில்.

கொக்கோ வெண்ணெய்க்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அது உறையும்போது ஆறு விதமான பளிங்குகளாக உறைய முடியும். 1966இல் வில், லட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஆறையும் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது ஏறத்தாழ 17 பாகை செல்சியஸில் உருகிவிடும். நாலாவது 27 பாகையளவில் உருகும். ஐந்தாவதுக்குக் கிட்டத்தட்ட 34 வேண்டும். எங்களுக்குத் தேவை அந்த ஐந்தாவது. அதன் பளிங்குகள் மிகச் சிறியவை, நெருக்கமாக அடுக்கப்பட்டவை. மேற்பரப்பு சமமாக இருப்பதால் ஒளி சிதறாமல் திரும்புகிறது, அதுதான் மினுக்கம். அடுக்கு இறுக்கமாக இருப்பதால் வளையாமல் முறிகிறது, அதுதான் அந்த "டக்". உறையும்போது கொஞ்சம் சுருங்கவும் செய்வதால் அச்சைக் கவிழ்த்ததும் தானாக விழும். 34இல் உருகுவதால்தான் கையில் நின்று வாயில் கரைகிறது.

கறுப்பு சொக்லட்டுக்கு வேலை மூன்று படியில் நடக்கிறது. முதலில் 45 முதல் 50 பாகை வரை உருக்குவது. இதில் பழைய பளிங்கு ஒன்றுகூட மிஞ்சாமல் அழியும். இரண்டாவது, கிண்டிக்கொண்டே 28க்கு இறக்குவது. இங்கே ஐந்தாவது வகை பிறக்கும், அதோடு வேண்டாத நாலாவதும் பிறக்கும். மூன்றாவது, மெதுவாக 31, 32க்கு ஏற்றுவது. 27இல் உருகும் நாலாவது இப்போது அழிந்துபோகும், 34 வரை தாங்கும் ஐந்தாவது மட்டும் விதையாக நிற்கும். அச்சில் ஊற்றியதும் மற்றக் கொழுப்பெல்லாம் அந்த விதையைப் பார்த்தே அடுக்கிக்கொள்ளும். 34ஐத் தாண்டினால் விதையும் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பால் சொக்லட்டில் பால் கொழுப்பு பளிங்கை இளக்குவதால் கடைசி வெப்பநிலை 29, 30தான்.

இந்த எண்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். கொப்பியில் அழகாக எழுதி வைத்திருந்தாள். பிறகு ஏன் பிழைத்தது? ஒருநாள் பின்னேரம் போய் அவள் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அச்சில் ஊற்றும் நேரத்தில் சொக்லட் களி மாதிரித் தடித்து, மூலைகளுக்குள் ஓடவில்லை. 31.5 பாகையில் அது தண்ணீராக ஓடாவிட்டாலும் சும்மா வழிய வேண்டும்.

"வெப்பமானியைச் சரிபார்த்தீங்களா மகள்?"

"பார்த்தேன் டீச்சர். கொதிக்கிற தண்ணியில வெச்சேன். 96தான் காட்டிச்சு. நாலு குறைச்சுக் காட்டுது எண்டு, எப்பவும் நாலு கூட்டித்தான் வாசிக்கிறேன்."

அங்கேதான் விஷயம் இருந்தது. தண்ணீர் 100இல் கொதிப்பது கடல் மட்டத்தில். மேலே போகப் போக, ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். எங்கட மலையில் 96 அளவில் கொதிப்பதுதான் சரி. வெப்பமானி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அவள் நாலு கூட்டியதால் 28 என்று நினைத்து இறக்கியது உண்மையில் 24. 31.5 என்று நினைத்து ஊற்றியது 27.5. அதாவது நாலாவது வகையை அழிக்க வேண்டிய அந்த மூன்றாவது படி நடக்கவே இல்லை. வேண்டாத பளிங்கு நிறைந்ததால்தான் களி மாதிரித் தடித்தது.

பிறகு ஏன் காலையில் நன்றாக இருந்தது? றொசல்லையில் இராத்திரி குசினி 18 பாகைக்கு வந்துவிடும். அந்தக் குளிரில் நாலாவது வகையும் கல் மாதிரி நிற்கும். கொழும்பில் 30. நாலாவது அங்கே உருகி, மெல்ல ஐந்தாவதாக மாறி உறையும்போது மிச்சக் கொழுப்பை மேலே தள்ளும். அதுதான் சாம்பல். எங்கட குளிர் பிழையை மறைத்தது, கொழும்பு காட்டிக்கொடுத்தது.

வெப்பமானியை ஐஸில் சரிபார்ப்பதே நல்லது. நொறுக்கிய ஐஸ் நிறையப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கலக்கி வைத்தால் எந்த உயரத்திலும் 0. வைத்துப் பார்த்தோம், 0 காட்டியது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இந்த வேலைக்கு ஆகாது, அது 35க்குக் கீழே வாசிக்காது.

அன்றே ஒரு கிலோ செய்தோம். 700 கிராமை நீராவியில் 48க்கு உருக்கினாள். கிண்ணத்தின் அடியை ஒரு துணியால் ஈரம் போகத் துடைத்தாள், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் முழுவதும் கட்டிபட்டுவிடும். மிச்ச 300 கிராமைச் சீவி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிண்டினாள். புதுக் கட்டியில் ஏற்கனவே ஐந்தாவது வகை இருப்பதால் அதுவே விதை. 28 வந்ததும் வெந்நீரின் மேல் சில விநாடி வைத்து எடுத்து, மறுபடி கிண்டி, 31.5க்கு ஏற்றினாள். கத்தி நுனியைத் தோய்த்து வைத்தோம். ஐந்து நிமிடத்துக்குள் மினுக்கத்தோடு உறைந்தது. உறையாமல் கோடு கோடாகப் போயிருந்தால் ஊற்றக் கூடாது.

இன்னும் ஒன்று, எங்கட ஊருக்கே உரியது. குளிர்ந்த அச்சில் ஊற்றினால் தொட்ட இடம் சட்டென்று உறைந்து வேண்டாத வகை பிறக்கும். அச்சை முன்கூட்டியே அடுப்படிப் பக்கம் வைத்து, குளிர் போனபின் ஊற்றச் சொன்னேன். கிண்ணமும் சீக்கிரம் ஆறுவதால் பாதியில் ஒருமுறை சூடுகாட்டி 31க்குக் கொண்டுவர வேண்டும்.

கட்டி வாங்கும்போது பின்பக்கத்தையும் வாசியுங்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு என்றிருந்தால் இந்த மூன்று படியும் அதற்குத் தேவையில்லை, உருக்கி ஊற்றினால் போதும். ஆனால் அந்த ருசியும் அந்த முறிவும் கிடைக்காது.

புதுத் துண்டுகளில் ஆறை முதலில் கொழும்புக்கு அனுப்பினாள். நாலு நாள் மேசையில் வைத்துவிட்டு, உடைக்கும் சத்தத்தை வொய்ஸ் மெசேஜில் அனுப்பினார்கள். மிச்ச 150 பெட்டியும் போகிறது. ஆனால் எவ்வளவு சரியாகச் செய்தாலும் 34ஐத் தாண்டினால் சொக்லட் உருகும், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அதைவிடக் கூடும். அதனால் இந்த முறை ஐஸ் பெட்டியில், இராத்திரி ரயிலில் அனுப்புகிறாள்.