அம்பாரம் கரைந்த பின் ஒரு தவணை மனு

மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாங்கி, அம்பாரம் போட்டு, லாரி ஏற்றி விற்பவர் கோட்டக்குப்பம் பாய். 2024 நவம்பர் நடுவில் அவருக்கு 3,60,000 ரூபாய் கட்டச் சொல்லி வருமான வரி அறிவிப்பு வந்தது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்ததால், அந்தச் செலவுகளை ஏற்க மறுத்திருந்தார்கள். மேல்முறையீட்டுக்கு வலு இல்லை. கட்டிவிடுகிறேன் என்றார்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடியிருந்த அம்பாரங்கள் கரைந்து போயின.

"வக்கீல் சார், எல்லாம் ஓயட்டும், ஜனவரியில பார்த்துக்கலாமே?"

அதற்கு நான் சம்மதிக்கவில்லை. அப்போதிருந்த வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 220(3)இன்படி தவணை கேட்கும் மனுவை, அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டினால் அவர் வரி கட்டத் தவறியவர் ஆகிவிடுவார். வங்கிக் கணக்கை முடக்கக்கூட வழி உண்டு. வருமானம் விழுந்தவர்கள் பலரும் இந்த நாட்களைத்தான் தவற விடுகிறார்கள்.

முதலில் 60,000 ரூபாய் கட்ட வைத்தேன். பாக்கி 3 லட்சத்தைச் சமமாகப் பிரித்திருந்தால் முதல் தவணையிலேயே தடுக்கி விழுந்திருப்பார். மழை முடிந்து பாத்தி சீராகி, புது உப்பு விற்றுக் காசாக மார்ச் கடந்துவிடும். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை மாதம் 10,000, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 45,000 என்று கேட்டோம். தவணை கிடைத்தாலும் நிலுவைக்கு மாதம் ஒரு சதவீத வட்டி ஓடும். இந்தக் கணக்கில் அது சுமார் 18,000 ரூபாய். அதையும் அவரிடம் முதலிலேயே சொன்னேன்.

வருமானம் விழுந்தது என்று எழுதினால் மட்டும் போதாது. முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட வங்கிக் கணக்கு விவரம், சேதப் படங்கள், கிராம நிர்வாக அலுவலரின் சான்று எல்லாம் வைத்தோம். வீட்டு மனை ஒன்றைச் சொல்லாமல் விட பாய் விரும்பினார். அடமானப் பத்திரத்தோடு அதையும் சேர்க்கச் சொன்னேன்.

அதிகாரி முதலில் கேட்டதே அந்த மனையைப் பற்றித்தான்: "அதை வித்துக் கட்டலாமே?" அடமானப் பத்திரத்தைக் காட்டினோம். மனை மறைக்கப்பட்டிருந்து அவராகக் கண்டுபிடித்திருந்தால், மற்ற தாள்களையும் நம்பியிருக்க மாட்டார். தவணை தருவது அவர் விருப்புரிமை. உரிமையாகக் கேட்க முடியாது.

"சரி, கட்டிக்கிட்டு வாங்க" என்றார். அதோடு எழுந்து வந்துவிடலாகாது. வாய்மொழிச் சம்மதம் அடுத்த அதிகாரியைக் கட்டாது. எழுத்தில் உத்தரவு கேட்டு வாங்கினோம். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் அப்போதே கெடு தாண்டிய பாக்கியாகும் என்பதால், ஒவ்வொரு மாதமும் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே சலான் கட்டச் சொன்னேன். செப்டம்பர் வரை அப்படியே கட்டி முடித்தார்.