போட்டோவில் தெரியாத மூன்றடி

மந்தைவெளியில் இருபது வருஷமாக வாடகை வீடு. ரிட்டயர்மென்ட் பணத்தில் புறநகரில் அரை கிரவுண்டாவது வாங்கிவிட வேண்டும் என்பது அந்தத் தம்பதியின் ஆசை. புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று மனைகளின் படங்களை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

அவருக்குப் பிடித்தது முடிச்சூர் பக்கத்து மனை. பச்சைப்பசேல் என்று இருந்தது, விலையும் குறைவு. கிராமத்தில் வளர்ந்த மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது புல் இல்லை, கோரை. தண்ணி நின்னாதான் கோரை வரும்" என்றார். படம் எடுத்தது மே மாதம். மற்ற நிலமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது இது மட்டும் ஏன் பச்சை?

முப்பதடி ரோடு என்று எழுதியிருந்தார்கள். செல்போன் கேமரா முன்னால் இருக்கும் இடத்தை அகலமாகக் காட்டும். ஆனால், படத்தில் ஒரு கார் நின்றது. காரின் அகலம் சுமார் ஆறடி. அது நின்ற இடத்தில் ரோடு இரண்டரை கார் அளவுதான், அதாவது பதினைந்தடி.

படத்தில் பிடிபடாதது மேடு பள்ளம். நேரில் போனபோது கொத்தனார் ஒருவரை அழைத்துப்போய், தண்ணீர் நிரப்பிய ட்யூபால் மட்டம் பார்த்தார்கள். மனை ரோட்டைவிட ஒன்றரை அடி தாழ்வு. ரோட்டுக்கு மேல் இன்னும் ஒன்றரை அடி உயர்த்தினால் மொத்தம் மூன்றடி. 1,200 சதுர அடிக்கு 3,600 கன அடி; நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் 36 யூனிட் மண். குறைந்த விலையின் லாபம் அதிலேயே போய்விடும். மனையை உயர்த்தினாலும் ரோட்டில் நிற்கும் தண்ணீர் எங்கே போகும்?

பக்கத்து வீட்டு அம்மா தன் ஜன்னல் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியபோது தண்ணீர் அதுவரை வந்ததாம். இப்போது அங்கே புது பெயின்ட். அந்தக் கறை எந்த போட்டோவிலும் வராது.

கடைசியாக eservices.tn.gov.in தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு, மனையின் புலப்படத்தைப் பார்த்தார்கள். பிறகு, ஒட்டியிருக்கும் எண்ணையும் 'அ' பதிவேட்டில் தேடினார்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று வந்தது. போட்டோவில் அந்த இடத்தில் தெரிந்தது ஒரு காம்பவுண்டு சுவர்தான். வாய்க்காலை அடைத்தால், மழைத் தண்ணீர் பள்ளமான மனையைத்தான் தேடி வரும்.

முடிச்சூர் மனையை விட்டுவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் அட்வான்ஸ் கேட்ட புரோக்கரிடம் மனைவி சொன்ன பதில்: "ஐப்பசியில ஒரு பெருமழை பெய்யட்டும். மறுநாள் காலையில வந்து பார்த்துட்டுச் சொல்றோம்."